பட்டம் என்று சொல்லாமல் ஒரு பட்டக் கதை: மொரீஷியஸின் ரோஸ் ஹில் மாலை வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். காணாமல் போன பட்டத்தைப் பற்றிய ஆங்கிலக் கதையைத் தமிழாக்கித் தரச் சொன்னீர்கள். சொற்கள் எல்லாம் ஒரே அசையாக, ஒரு கைதட்டலுக்குள் முடிய வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை. ஆங்கிலத்தில் இது எளிது. அந்த மொழியின் அன்றாடச் சொற்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கின்றன. தமிழில் முதல் சொல்லிலேயே கதை நின்றுவிடுகிறது. பட்டம் என்பதற்குக் கை இரண்டு முறை தட்டுகிறது. காற்று இரண்டு, மரம் இரண்டு, பையன் இரண்டு. காணோம் என்று அழுவதற்கும் இரண்டு. தப்பிப் பிழைப்பவை நூல், வால், வான் மூன்றும்தான். ஆகவே மொழிபெயர்க்கவில்லை. அதே கதையை இந்த மூன்றிலிருந்து தொடங்கிப் புதிதாகக் கட்டியிருக்கிறேன்.

எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். யாப்பு படித்தவர் யாராவது 'மரம் ஓரசைதானே' என்று உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான், அது நிரையசை. ஆனால் நிரையசையில் உயிர் இரண்டு, கைதட்டலும் இரண்டு. நமக்கு வேண்டியது நேரசை மட்டும். 'நாள், மலர்' வாய்பாட்டில் நாள் நம்முடையது, மலர் இல்லை. நேரசைச் சொல்லில் மூன்று வடிவம்தான் புழங்குகிறது: பூ போல நெடில் தனியாக, வால் போல நெடிலும் ஒற்றும், கல் போல குறிலும் ஒற்றும். குறில் தனியே நின்று சொல்லாவது அரிது. நன்னூல் சிறப்பாக எடுத்துச் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் 40 நெடில், குறில் நொ, து இரண்டுதான். அவற்றை இன்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை.

சொல் பஞ்சம்கூடப் பெரிதில்லை. உண்மையான முட்டுக்கட்டை வினைமுற்று. பறந்தான், விழுந்தது, தேடினேன் என்று காலமும் ஆளும் காட்டிய உடனே வினை நீண்டுவிடும். எதிர்மறையும் அப்படித்தான். இல்லை என்பதற்கு இரண்டு தட்டு, போகாதே என்பதற்கு மூன்று. அதனால் 'ஒரு நாள் ஒரு பையன் பட்டம் விட்டான்' என்று கதைசொல்லி பேசும் கதை நமக்கு வாய்க்காது.

மீதி இருப்பது ஏவல். வா, போ, பார், நில் எல்லாம் ஒரே தட்டு. ஏவல் இருந்தால் கூப்பிட ஆள் வேண்டும். ஆகவே குழந்தை பட்டத்தையும் நாயையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும், அதுவே கதை. இதில் ஒரு கட்டுப்பாடு வருகிறது. பெரியவர்கள் யாரும் கதைக்குள் வர முடியாது. பாட்டியை 'வா' என்று கூப்பிட வைக்க நமக்கு மனம் வராது, 'வாங்க' என்றால் இரண்டு தட்டாகிவிடும். நாய்க்கு அந்தச் சங்கடம் இல்லை.

நடந்து முடிந்ததைச் சொல்ல ஒலிக்குறிப்புச் சொற்கள் இருக்கின்றன. விர் என்றால் ஏறிவிட்டது. பட் என்றால் அறுந்துவிட்டது. தொப் என்றால் விழுந்துவிட்டது. வினைமுற்று செய்ய வேண்டிய வேலையை இவை செய்கின்றன. வேடிக்கை என்னவென்றால் இவை எல்லாமே இலக்கணத்தை மீறியவை. தமிழ்ச் சொல் வல்லின ஒற்றில் முடியாது. பட், தொப் முடிகின்றன. தனிக்குறிலை அடுத்து ர் ஒற்று வராது, விர்-இல் வருகிறது. லகரம் சொல்லுக்கு முதலில் வராது. நாய் லொள் என்றுதான் குரைக்கிறது.

இனிப் பட்டத்துக்கு ஒரு பெயர். உங்கள் பிள்ளைகள் வீட்டில் பட்டத்தை பிரெஞ்சுச் சொல்லால் செர்வொலான் என்பார்கள். அதைப் பிரித்தால் செர் என்பது மான், வொலான் என்பது பறக்கும். மொரீஷியஸில் மானை அறியாத குழந்தையும் இல்லை. 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது இன்னும் காட்டில் திரிகிறது. ஆகவே பட்டத்தின் பெயர் மான். அட்டையில் மான் முகம் வரைந்த பட்டம் ஒன்றைப் போட்டுவிட்டால் வேறு விளக்கம் தேவையில்லை.

கதை இதோ. ஒரு வரி ஒரு பக்கம்.

1. என் மான். மான் பின் வால்.
2. மான் கீழ் நூல். நூல் கீழ் நான்.
3. மான், போ! மேல் போ! விர்!
4. ஊ... ஊ... ஊ...
5. பட்! மான்! நில்! நில்!
6. கை பார். நூல் பார். மான்?
7. நாய், வா. புல் பார். கல் பின் பார்.
8. நீர் பார். மான்? மீன்!
9. லொள்! நாய், ஏன்? லொள்! லொள்!
10. மேல் பார்! மா மேல் வால்! மா மேல் மான்!
11. ஊ... தொப்! நாய் மேல் மான்!
12. மான், நீ என் கண்.

மொத்தம் 61 சொல். திரும்ப வருபவற்றைக் கழித்தால் 27. மான் மட்டும் பத்து முறை வருகிறது, அதை மூன்றாம் பக்கத்துக்குள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டாமல் படித்துவிடுவார்கள். நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். வெளித்தாள் அட்டைக்கு, உள்ளே 12 பக்கமும் கதைக்கு.

ஆறாம் பக்கத்தில்தான் பட்டம் தொலைகிறது. இல்லை என்று சொல்ல வழி இல்லாததால் 'மான்?' என்று ஒற்றைக் கேள்வியாக நிற்கிறது. படிக்கும்போது அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். படத்தில் குழந்தையின் கையில் அறுந்த நூலின் நுனி மட்டும் தெரியட்டும், வானம் முழுக்க வெறுமையாக இருக்கட்டும். ஓரத்தில்கூடப் பட்டத்தை வரையாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் ஏழாம் பக்கத்துக்கு வேலை இல்லை.

காற்றுக்கு 'கால்' என்று ஒரு பழைய சொல் உண்டு, அதுவும் ஒரே தட்டுதான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை காலைக் குனிந்து பார்க்கும். போதாததற்குப் பக்கத்திலேயே கல் வருகிறது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு கல், கால் என்ற குறில் நெடில் வேறுபாடு எளிதில் காதில் ஏறாது, ஒரே கதையில் இரண்டையும் வைத்தால் இரண்டும் குழம்பும். அதனால் காற்று வெறும் ஊ... ஆகிவிட்டது. மான், மீன் மட்டும் வேண்டுமென்றே அருகருகே வைத்தது. அங்கே மாறுவது உயிரின் நீளம் அல்ல, உயிரே வேறு. எட்டாம் பக்கச் சிரிப்பும் அதில்தான் இருக்கிறது.

சிக்கல் வரப்போவது சத்தமாகப் படிக்கும்போது. பேச்சில் நாம் நூல் என்று நிறுத்துவதில்லை, நூலு என்கிறோம். அப்படியே கல்லு, கண்ணு, மீனு, நாயி. கடைசியில் ஓர் உகரமோ இகரமோ ஒட்டிக்கொண்டால் ஒரு தட்டு இரண்டாகிவிடும். பிள்ளைகளைவிட இதைச் செய்வது வீட்டில் படித்துக் காட்டும் பாட்டிமார்தான். சோதிப்பது எளிது. 'நூல் கீழ் நான்' என்று சொல்லிக்கொண்டே தட்டச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் தட்டினால் எந்தச் சொல்லில் நாக்கு நீள்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒலிக்குறிப்புக்கு வேறொரு ஆபத்து: விர் என்பதைப் பெரியவர்கள் 'விர்ருன்னு' என்று முடித்து வைப்பார்கள். அதற்காகத்தான் ஆச்சரியக்குறி, அங்கே வெட்டென்று நிற்க வேண்டும்.

இலக்கணத்தில் இரண்டு இடம் கேள்விக்கு வரும். 'புல் பார்' என்பதில் ஐ உருபு இல்லை. அஃறிணைப் பொருளுக்கு அது தொக்கி வரலாம், அதனால் விட்டுவிட்டேன். 'கல் பின்' என்பதைப் புணர்த்தி எழுதச் சொல்பவர்களும் உண்டு. புணர்த்தினால் 'கற்பின்' என்றாகிக் குழந்தைக் கதை எங்கேயோ போய்விடும். இடைவெளி விட்டே அச்சடியுங்கள். எனக்கே நிறைவில்லாத இடம் 'மான் கீழ் நூல்'. கல் மேல், கண் முன் என்பதுபோல அது நாவில் இயல்பாக வரவில்லை, மானுக்குக் கீழே என்றுதான் வரும். இரண்டாம் பக்கத்தின் தாளத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். உங்களுக்கு இடறினால் 'மான் பின் நூல். நூல் பின் நான்.' என்று மாற்றிக்கொள்ளுங்கள், மொத்த எண்ணிக்கை மாறாது, தனிச்சொற்கள் மட்டும் 27 போய் 26 ஆகும்.

படம் வரைபவரிடம் இரண்டு சொல்லிவையுங்கள். நூல் அறுந்த பட்டத்தைப் பிடித்து இழுக்க எதுவும் இல்லை, அதனால் அது காற்றை எதிர்த்து நிற்காமல் காற்று போகும் பக்கமே தள்ளாடிப் போய் விழும். நாலாம் பக்கத்தில் புல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, பத்தாம் பக்கத்தின் மாமரமும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். கூர்மையான பிள்ளை ஒன்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மான் எங்கே இருக்கும் என்று நாய்க்கு முன்பே சொல்லிவிடும். இன்னொன்று, மா என்றால் மாமரம் என்று தெரிய வேண்டும். உங்கள் ஊரில் தென்கிழக்குக் காற்று வலுக்கும் மே முதல் அக்டோபர் வரை மரத்தில் பழம் பார்ப்பது கடினம். இருந்தாலும் நாலு மாங்காய் தொங்கட்டும். பூவை வரைந்தால் மரம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் குழந்தையின் மடியில் மான், பக்கத்தில் நாய், அறுந்த இடத்தில் நூலுக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பெரிதாகவே வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்