அண்ணனுக்கு, அந்த 42 ஆயிரம் கணக்கு பத்தி

அண்ணா,

நாளைக்கு அப்பா திதி. எல்லாரும் வருவாங்க, அங்க வச்சு இத பேச முடியாது, அதான் இங்க எழுதிடுறேன். சித்தி வீட்டுல இத படிப்பாங்கன்னு தெரியும், அதனால அந்த கடன் யாருகிட்ட வாங்குனதுன்னு எழுதல.

அன்னைக்கு இன்கிரிமென்ட் லெட்டர் வந்ததும் உனக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். 25,000 சம்பளத்துக்கு 8 பர்சென்ட் ஏத்தி 27,000, அதுக்கு மேல மாசம் 1,500 டிராவல் அலவன்ஸ், மொத்தம் 28,500. நீ உடனே போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு அண்ணிகிட்ட "மாசம் மூவாயிரத்து ஐந்நூறு கூட வருது, பன்னெண்டால பெருக்கு"ன்னு கத்துன. 42,000. அந்த சந்தோஷம் நெஜமானதுதான், எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஆனா அடுத்த நிமிஷமே "மார்ச்சுக்குள்ள அந்த கடன முடிச்சிரலாம்"ன்னு சொன்ன பாரு, என்ன ஒரு வார்த்தை கேக்காம.

பெருக்கல்ல தப்பில்லண்ணா. ஆனா லெட்டர்ல ஜூலையில இருந்துதான்னு இருக்கு. ஏப்ரல், மே, ஜூனுக்கு அரியர்ஸ் கிடையாது, ஹெச்ஆர்ல கேட்டுட்டேன். அப்போ மார்ச் வரைக்கும் ஒம்போது மாசம்தான், 31,500. பேசிக் ஏறுனதால பிஎஃப் பிடிப்பும் கூடும், கைக்கு வர்றது அதவிட குறைவு. லீவு போட்டா அந்த நாளுக்கு அலவன்ஸும் கட்டு.

"எப்படியோ 14 பர்சென்ட் ஏத்திட்டாங்கல்ல"ன்ன. இன்னைக்கு பாத்தா சரிதான், 25,000க்கு 14 பர்சென்ட் போட்டாலும் அதே 28,500 தான் வரும். ஆனா அடுத்த வருஷம் இதே 8 பர்சென்ட் குடுத்தா 27,000க்கு மட்டும்தான் போடுவாங்க, 1,500 அப்படியே நிக்கும். அப்போ 30,660. முழுசா 14 ஏத்திருந்தா 30,780 ஆயிருக்கும். மாசம் 120 ரூபா, வருஷத்துக்கு 1,440. சின்ன காசுதான், ஆனா வருஷா வருஷம் இந்த எடவெளி கூடிட்டே போகும், அலவன்ஸ ஏத்துற வரைக்கும்.

நான் காலேஜ் படிக்கும்போது உன் சம்பளத்துல எனக்கு ஃபீஸ் கட்டுனத மறக்கல. அதுக்காக என் சம்பளத்த ஸ்பீக்கர் போன்ல வச்சு பங்கு போடணுமா? போன கட் பண்ணிட்டு ரெண்டு வாரம் எடுக்கல, அது உனக்கு வலிச்சிருக்கும், சாரி. ஆனா எடுத்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேன், உன்கிட்ட எனக்கு எப்பவுமே மறுத்துப் பேச வராது.

முடிவு பண்ணிட்டேன். ஜூலை சம்பளத்துல இருந்து மாசம் 2,000 அந்த கடனுக்கு, மார்ச்சுக்குள்ள 18,000 ஆகும். மிச்சத்த நீ எப்படி கட்டுவன்னு எனக்குத் தெரியாது, அவங்ககிட்ட தேதி நீதான் கேக்கணும். சிலிப்ப மாசாமாசம் வாட்ஸப்ல போடுறேன், உனக்கு மட்டும், ஃபேமிலி குரூப்புல இல்ல.