திரையில் சரியாகத் தெரிந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர், தங்கள் இணையப் பக்கத்தில் ‘தேர்வு’ என்ற சொல் பிழையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதன் கீழே தாங்கள் தந்த பதில் ஒரே வரி: “எங்கள் திரையில் சரியாகவே தெரிகிறது.” அந்த வரி என்னை மிகவும் வருத்திவிட்டது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஐயா. அவர் சொன்னது முழு உண்மை.

இங்கே சிங்கப்பூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் தமிழ் மெய்ப்புப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். “திரையில் சரியாகத்தானே இருக்கிறது” என்ற பதிலை அச்சகத்தாரிடம் கேட்டிருக்கிறேன், வடிவமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒரு தமிழ் ஆசிரியரிடமிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

என் பேரனுக்கு இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. அதைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட நல்ல கட்டுரை ஒன்றைக் காலையில் தாளில் படித்தேன். மகளுக்கு அனுப்பலாம் என்று தங்கள் இணையப் பக்கத்தில் ‘தேர்வு’ என்று தேடினால், அது வரவில்லை. தேதி வாரியாகப் போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கிறது. தலைப்பிலேயே அந்தச் சொல்! தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டினேன். உடனே கட்டுரைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆக, நான் தட்டிய ‘தேர்வு’ வேறு, தங்கள் தலைப்பில் இருந்த ‘தோ்வு’ வேறு. இரண்டையும் கணினி எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள்:

```
தேர்வு   0BA4 0BC7 0BB0 0BCD 0BB5 0BC1
தோ்வு   0BA4 0BCB 0BCD 0BB5 0BC1
```

முதலாவதில் த, ஏகாரக் கொம்பு, ர, புள்ளி, வ, உகரக் குறி என்று ஆறு குறிகள். இரண்டாவதில் ஐந்துதான். ர என்ற எழுத்தே அங்கு இல்லை! தகரத்துக்கு ஓகாரம் போட்டு, அந்த ஓகாரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. தமிழில் உயிர்க்குறிக்கு மேல் புள்ளி வருமா? அப்படி ஓர் எழுத்து நம் நெடுங்கணக்கில் எங்காவது உண்டா?

இது எப்படி நேர்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பழைய அச்சில் ர் என்ற மெய்க்குக் கீழே சாயும் கால் இருக்காது. பார்வைக்குத் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்தது போலவே இருக்கும். அதனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்து பழகிய கை, ர் வர வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளியைத் தட்டியது. அந்தக் காலத்தில் அது பிழையில்லை, ஏனென்றால் தாளில் விழுந்தது வெறும் உருவம். கொம்பையும் எழுத்துக்கு முன்னால்தான் தட்டினார்கள். இன்றைய கணினி எழுத்துமுறையான ஒருங்குறியில் உச்சரிக்கும் வரிசைதான் கணக்கு: முதலில் மெய், பிறகு குறி. பழைய கோப்பை மாற்றித் தரும் நிரல் கொம்பு, த, கால் என்ற மூன்றையும் பார்த்ததும் ‘தோ’ என்று கட்டிவிடுகிறது. மிஞ்சிய புள்ளி அதன் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘அவர்’ அவா் ஆவதும், ‘நேர்மை’ நோ்மை ஆவதும் இப்படித்தான்.

தாங்களே சோதித்துப் பார்க்கலாம். கணினியில் அந்தச் சொல்லின் ‘ர்’ போலத் தெரிவதற்குப் பின்னால் சுட்டியை வைத்து, பின்னழிப்பு விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். சரியான சொல்லாக இருந்தால் புள்ளி மட்டும் போய் ‘தேர’ நிற்கும். பிழையாக இருந்தால் ‘தோ’ நிற்கும். கண் ஏமாறலாம், இந்தச் சோதனை ஏமாறாது.

என் அண்ணனுக்குப் பார்வை போய்விட்டது. கைப்பேசி வாசிக்க, செய்தியைக் காதால்தான் கேட்கிறார். இந்தச் சொற்கள் வரும் இடங்களில் அது தடுமாறுகிறது. “என்னடா, உங்கள் பத்திரிகையில் எல்லாரும் தோ, போ, சோ என்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டார். என்ன பதில் சொல்வது? திரையில் சரியாகத் தெரிகிறது என்றா?

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் கௌசல்யாவின் பெயர் தங்கள் பரிசுப் பட்டியலில் ‘கெளசல்யா’ என்று வந்தது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும், பின்னால் ள என்ற முழு எழுத்தும். அகரவரிசையில் கோவுக்கு அப்புறம் வர வேண்டிய பிள்ளை, கெகர வரிசையில் போய் நின்றாள். அவள் பெயரைத் தேடிய தோழிகளுக்கு அது கிடைக்கவில்லை. அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை. மெளனம், பெளர்ணமி, ஒளவை எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன.

துண்டறிக்கைகளிலும் பலகைகளிலும் கொம்பு ஒருபுறம், எழுத்து ஒருபுறம் எனத் தமிழ் சிதறிக் கிடப்பதை நாம் இந்த ஊரில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! அப்போதெல்லாம் தங்கள் பத்திரிகைதான் முன்னின்று கண்டித்தது. தமிழ் தெரியாத வடிவமைப்பாளரைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? 1997இல் தமிழிணைய மாநாடு கூடிய ஊர் இது. நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் கணினித் தமிழுக்காக உழைத்தார். 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் பிறந்ததும் இங்கேதான். இந்த ஊரின் தமிழ்ப் பத்திரிகையில் ர் என்ற எழுத்து இல்லாமல் ‘அவா்’ வருவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் கேட்பது சிறிய வேலைதான். கட்டுரையை இணையத்தில் ஏற்றும் முன் மூன்று மாற்றங்கள் செய்தால் போதும்: ‘ா்’ வந்தால் ‘ர்’, ‘ோ்’ வந்தால் ‘ேர்’, ‘ொ்’ வந்தால் ‘ெர்’. தமிழில் உயிர்க்குறிக்குப் பின் புள்ளி வரவே வராது என்பதால் இந்த மாற்றம் எந்த நல்ல சொல்லையும் கெடுக்காது. பழைய கட்டுரைகளுக்கும் தயங்காமல் செய்யலாம்.

ஆனால் ஔகாரத்துக்கு இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடாதீர்கள். ‘ெள’ என்பதையெல்லாம் மாற்றினால் வெளியும் தெளிவும் பாழாகிவிடும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌக்கியம், கௌரி என்று ஒரு சொற்பட்டியல் வைத்து, ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பட்டியலை நான் தயார் செய்து தருகிறேன். அதற்குக் கூலி எதுவும் வேண்டாம். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், மேலே காட்டியிருக்கும் பிழையான சொற்களைத் திருத்திவிடாமலும், சரியான சொற்களைப் பிழையாக்கிவிடாமலும் வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஈசூன்