கூடைக்கு விலை போடச் சொல்லித் தரும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் எப்படி விலை போடுவது என்று நீங்கள் வரிசையாகப் படங்கள் போட்ட பதிவைப் பார்த்தேன். படங்கள் அழகாக இருக்கின்றன. மூன்றாவது படத்தில் இருக்கும் ‘பொருள் செலவை இரண்டால் பெருக்கு’ என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வயர் கூடை பின்னுகிறவள் என்ற முறையில் ஏன் என்று சொல்கிறேன்.

நடுத்தர அளவுக் கூடை ஒன்றுக்கு எனக்கு மூன்று கட்டு வயர் ஆகிறது. கட்டு 60 ரூபாய் என்றால் 180. கைப்பிடிக்குள் நுழைக்கும் டியூப், அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கால்கள் எல்லாம் சேர்த்து 200 ரூபாய். உங்கள் கணக்குப்படி விலை 400. இப்போது நேரத்தைப் பாருங்கள். வயரை அளந்து வெட்டுவதில் தொடங்கி, பின்னி, கைப்பிடி போட்டு, படம் எடுத்து, ‘வேற கலர் இருக்கா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, பொதிந்து முடிக்கப் பத்து மணி நேரம். அதாவது மணிக்கு 20 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42.

இதே அளவில் சிவன் கண் என்ற கஷ்டமான பின்னலில் கூடை பின்னினால் வயர் கொஞ்சம்தான் கூடும், நேரமோ பல மணி கூடும். பொருளை வைத்துப் பெருக்கும் சூத்திரம் கஷ்டமான வேலைக்குத்தான் குறைந்த கூலி தருகிறது.

நேரத்தை மனதால் கணக்கிட்டால் எப்போதும் குறைவாகவே வரும். கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு, குக்கர் விசில் அடித்து எழும்போது நிறுத்திவிட்டு, இப்படி மூன்று கூடைக்கு அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் சில்லறைச் செலவு. வீணாகும் வயர் துண்டு, கவர், டேப், ரீசார்ஜ். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வயர் வாங்கப் போகும் அரை நாள் இலவசமில்லை. கூடைக்கு 30 ரூபாய் என்று வையுங்கள். கூரியரைத் தனியாகவே வாங்க வேண்டும். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை போடுகிறார்கள். 35, 20, 30 அளவுள்ள பெட்டி, உள்ளே இருப்பது ஒரு கிலோ கூட இல்லையென்றாலும், 4.2 கிலோ ஆகிவிடும். இது தெரியாமல் ‘டெலிவரி ஃப்ரீ’ என்று போட்டால் கூலி முழுக்க அங்கேயே போய்விடும்.

ஆக பொருளுக்கு 200, சில்லறைச் செலவுக்கு 30, மணிக்கு 42 வீதம் பத்து மணி நேரக் கூலி 420, மொத்தம் 650. கடையில் வைத்து விற்றால் விற்கும் விலையில் 20 சதவீதம் கமிஷன் கேட்பார்கள். 650உடன் 20 சதவீதம் கூட்டி 780 என்று போட்டால் கடைக்காரர் 156 எடுப்பார், கைக்கு 624தான் வரும். 650ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 815.

எங்கள் தெருவில் 815க்குக் கூடை போகாது, சரி. அப்போது கூலியைக் குறைக்காமல், சாதா முடிச்சில் சின்னக் கூடையாகப் பின்னி அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது படத்தில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வயர் கூடை பின்னும் ஒருத்தி