அதிகாலை நடைக்கு அறிவுரை சொன்ன டாக்டருக்கும், அதை அச்சிட்ட உங்களுக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழ் மருத்துவப் பகுதியில் ஆஸ்துமா பற்றி ஒரு வரி போட்டிருந்தீர்கள். நம் ஆட்களுக்கு உடம்பில் அக்கறை இல்லையாம், அதிகாலையில் எழுந்து வெளியே வேகமாக நடந்து மூச்சை ஆழமாக இழுத்தால் பாதி வியாதி போய்விடுமாம். எழுதியவர் டர்பனில் பெரியா என்கிற மேட்டுப் பக்கம் குடியிருப்பவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் டர்பன் மெர்பேங்கில் குளிர்காலத்தில் விடியற்காலைதான் காற்று மிக மோசமாக இருந்த நேரம். இந்தப் பக்கம் பிளஃப் மேடு, அந்தப் பக்கம் பெரியா மேடு, நடுவில் பள்ளம். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கீழே தங்கிவிடும், மேலே வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறும் வரை புகை எங்கும் போகாது. என் மகன் அந்த நேரத்தில்தான் பள்ளிக்கு ஓடுவான். ஓடும்போது வாயால் மூச்சு விடுவான், மூக்கு தடுத்து வைக்க வேண்டிய கந்தக டை ஆக்சைடு நேரே மூச்சுக் குழாய்க்குப் போய் அதை இறுக்கிவிடும். உங்கள் டாக்டர் சொன்ன வைத்தியத்தை அவன் தினமும் செய்தான்!

அந்தப் பள்ளத்தில் எங்களை யார் வைத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1950-ல் தென்னாப்பிரிக்காவில் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. மேட்டுத் தெருக்கள் வெள்ளையருக்கு, பள்ளம் இந்தியரான நமக்கு. பக்கத்து வென்ட்வொர்த் கலப்பினத்தவருக்கு. 1954-ல் முதல் எண்ணெய் ரிஃபைனரி, 1963-ல் இரண்டாவது, அப்புறம் காகித ஆலை. மெர்பேங்க் செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளி இரண்டு ரிஃபைனரிக்கும் நடுவில் இருந்தது. 2000-க்குப் பிறகு டர்பன் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் அங்கே பிள்ளைகளைச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆஸ்துமா இருந்தது. கந்தகமும் தூசியும் ஏறிய நாட்களை ஒட்டிப் பிள்ளைகளின் மூச்சு ஊதும் திறன் இறங்கியதையும் அளந்து காட்டினார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் அக்கறைக் குறைவு என்று எழுதுவீர்களா? அப்போது உங்கள் பத்திரிகையில் காவடிப் படங்கள் வந்துகொண்டிருந்தன. 2020 டிசம்பர் 4 காலை அந்த முதல் ரிஃபைனரி வெடித்தபோதும் உங்களிடம் இடம் இல்லை.

இன்று இரண்டு ரிஃபைனரியும் எண்ணெய் சுத்திகரிப்பதில்லை, சரி. ஆனால் நுரையீரல் இருபது வயது வரை வளரும். அந்தக் காலத்தில் வளர்ச்சி தடைப்பட்டால் பிறகு முழுதாக ஈடாவதில்லை. என் மகன் இப்போது வளர்ந்த ஆள், மாடிப்படி ஏறினால் நின்றுதான் ஏறுகிறான்.

மருந்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் மருந்து இருந்தும் எங்களுக்குப் பலிக்காததற்கு சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நீல இன்ஹேலர் பம்பு அந்த நேரத்து மூச்சுத் திணறலுக்கு. மூச்சுக் குழாயின் வீக்கத்தைக் குறைப்பது தினமும் இழுக்க வேண்டிய இன்னொரு பம்பு, அதில் உடனே எதுவும் தெரியாது. அது தீர்ந்தால் கிளினிக்கில் விடியலில் இருந்து வரிசை, என் கணவருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போடுவோம். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீலப் பம்பைத் தேட வேண்டியிருந்தால் வியாதி கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நடுராத்திரி திணறல் வந்தால்தான் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நர்ஸ், “பிள்ளைக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்க மாட்டீர்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த நர்ஸும் உங்கள் டாக்டரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் போலிருக்கிறது.

பம்பை நேரே வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு குடுவை வேண்டும், கடையில் வாங்க எங்களிடம் காசில்லை. 1999-ல் கேப் டவுன் டாக்டர் ஹெதர் ஸாரும் குழுவினரும் அரை லிட்டர் குளிர்பான பாட்டிலே போதும் என்று சோதித்துக் காட்டினார்கள். பம்பின் வாய் அளவுக்குக் கம்பியை வளைத்துச் சுட வைத்து, பாட்டிலின் அடியில் அழுத்தித் துளை போட்டு, பிளாஸ்டிக் சூடாக இருக்கும்போதே பம்பைச் செருக வேண்டும். இடைவெளி இல்லாமல் பொருந்தினால் கடைக் குடுவை மாதிரியே வேலை செய்கிறது, கசிந்தால் பலன் குறையும். பிள்ளை பாட்டிலின் கழுத்தைக் கவ்விக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டு இழுத்தால் போதும்.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கேட்டுப் பழக்கமில்லை உங்களுக்கு. அடுத்த இதழில் அந்தப் பாட்டில் செய்முறையைப் படத்தோடு, அந்த அதிகாலை நடை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கத்தரித்துக் கொண்டுபோய் கிளினிக் சுவரில் ஒட்ட எனக்கு ஒரு பிரதி கூடுதலாக வேண்டும், அதற்கான காசைத் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மெர்பேங்க் வாசகி