வசைக் கோஷம் பற்றிய புகாரில் எந்த வார்த்தை வேலை செய்கிறது?

இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களில் உறுப்பினராகவும் சீசன் டிக்கெட்காரராகவும் இருக்கும் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

நம் இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து எழும் இனவசைக் கோஷங்களைப் பற்றிப் பலர் கழகத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களில் சிலர் என்னிடம் காட்டிய பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன: பாகுபாட்டைக் கழகம் சற்றும் பொறுத்துக்கொள்ளாது, உங்கள் கருத்துக்கு நன்றி. அந்தப் பதில்கள் எனக்கும் கோபத்தைத் தருகின்றன. ஆயினும் அனுப்பப்பட்ட மடல்களை அவற்றோடு சேர்த்து வாசித்தபோது, வேறு எந்தப் பதிலையும் எழுத முடியாத விதத்தில்தான் பெரும்பாலான புகார்கள் அமைந்திருந்தன என்று சொல்லியாக வேண்டும். ‘சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் பகுதியில் அருவருப்பான இனவெறிக் கோஷங்கள் எழுந்தன, என் மகன் மிகவும் பாதிக்கப்பட்டான், இதைக் கழகம் அனுமதிக்கக் கூடாது’ என்ற மடலில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அதைப் பெறுபவருக்கு எந்தக் கேமராவை, எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரியாது.

இத்தகைய புகாரில் பயனுள்ள வேலை செய்யக்கூடியவர் மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி. சிசிடிவி பதிவுகளும், ஸ்டூவர்டுகள் வாக்கி-டாக்கியில் தெரிவித்தவற்றின் குறிப்பேடும், எந்த இருக்கை யார் பெயரில் உள்ளது என்ற விவரமும் அவருக்குக் கிடைக்கும். இவற்றைத் தேட இடமும் நேரமும் வேண்டும். ஸ்டாண்டின் பெயர், பிளாக், வரிசை, உங்கள் இருக்கை எண், குரல் உங்களுக்கு எந்தப் பக்கம் எத்தனை வரிசை தள்ளி வந்தது என்பதை எழுதுங்கள். நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கேமரா காட்டுவது கடிகார நேரத்தை, நாம் எழுதுவது ஆட்ட நிமிடத்தை. மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தின் 70-ஆவது நிமிடம், 15 நிமிட இடைவேளையைச் சேர்த்தால் 4.25 என்று கணக்கு வரும். முதல் பாதியின் கூடுதல் நேரமும் இரண்டாம் பாதி தாமதமாகத் தொடங்கியதும் சேர்ந்தால் உண்மையில் அது 4.30-ஐ நெருங்கியிருக்கும். ஆகவே கோஷம் எழுந்தவுடன் கைபேசியில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், ‘எதிரணியின் இரண்டாவது கோலுக்குப் பிறகு, ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன்’ என்பதுபோல் ஒரு நிகழ்வோடு இணையுங்கள்.

அடுத்தது, கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதுவது. நம்மில் பலருக்கு அது கூசுகிறது. ‘எங்களைப் பற்றிய ஒரு கெட்ட வார்த்தை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கிறோம். நீதிமன்றம் எடைபோடுவது அந்த வார்த்தையைத்தான் என்பதற்கு 2003-இல் வந்த ஒரு தீர்ப்பு சான்று. போர்ட் வேல் அணிக்கும் ஓல்டம் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், ஓல்டம் ஊரே ‘பாக்கீஸ்’ நிறைந்த ஊர் என்று எதிரணி ரசிகர்களைப் பார்த்துப் பாடப்பட்டது. கீழ் நீதிமன்றம் அதை இனவெறிக் கோஷமாகக் கருதவில்லை. உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. பாடியவர்கள் என்ன நினைத்துப் பாடினார்கள் என்பதோ, அங்கிருந்த யாராவது புண்பட்டார்களா என்பதோ முடிவைத் தீர்மானிப்பதில்லை, அந்தச் சொல்லின் தன்மையே போதும் என்பதுதான் அத்தீர்ப்பிலிருந்து நமக்குக் கிடைப்பது. ‘நான் பாகிஸ்தானியன் அல்லன், தமிழன், ஆகவே இது என்னைச் சொன்னதல்ல’ என்று தயங்குபவர்களும், ‘என்னைக் குறிவைத்தே பாடினார்கள்’ என்று நிரூபிக்க முயல்பவர்களும் ஒரே அளவில் தேவையற்ற சுமையைத் தூக்குகிறார்கள்.

1991-ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றங்கள் சட்டம் கோஷம் என்பதற்குத் தரும் பொருளையும் மனத்தில் வையுங்கள். சொற்களையோ ஒலிகளையோ திரும்பத் திரும்ப எழுப்புவதே கோஷம். 1999-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் தனியாகச் செய்தாலும் அது கோஷம்தான். எனவே ‘கத்தினார்கள்’ என்று முடிக்காமல், எத்தனை முறை, எவ்வளவு நேரம், ஏறத்தாழ எத்தனை பேர் என்று எழுதுவது அவசியம். ஒரே ஒருமுறை எழுந்த கத்தல் இந்தச் சட்டத்துக்குள் வராமல் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் வரலாம். மதத்தையோ பாலியல் சார்பையோ குறிக்கும் வசைகளும் இச்சட்டத்தின் ‘இனவெறி’ விளக்கத்தில் இல்லை, வேறு சட்டங்களின்கீழ் பார்க்கப்படுகின்றன. எந்தச் சட்டம் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை; தவறான பிரிவை உறுதியாக மேற்கோள் காட்டினால், பதில் எழுதுபவர் அந்தத் தவறைத் திருத்துவதோடு நின்றுவிட இடமுண்டு.

இவற்றையெல்லாம் சேர்த்தால் மடலின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

‘நான் கிழக்கு ஸ்டாண்ட், பிளாக் 12, வரிசை 18, இருக்கை 141-இல் அமர்ந்திருந்தேன். மாலை 4.28-க்கு, எதிரணியின் 7-ஆம் எண் ஆட்டக்காரர் கார்னர் எடுக்க வந்தபோது, எனக்கு வலப்புறம் இரண்டு மூன்று வரிசை பின்னாலிருந்து பின்வரும் சொற்களைக் கேட்டேன். (இங்கே அச்சொற்கள், மாற்றமின்றி.) இது நான்கு முறை திரும்பப் பாடப்பட்டது. ஐந்தாறு குரல்கள் கேட்டன. அவர்களில் இருவர் பாடுவதைப் பார்த்தேன்: ஒருவர் சாம்பல் நிறக் கோட்டும் கழகத் தொப்பியும் அணிந்திருந்தார், மற்றவரின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. 4.31-க்குப் படிக்கட்டருகே நின்ற ஸ்டூவர்டிடம் தெரிவித்தேன்.’

இதில் கேட்டதும் பார்த்ததும் தனித்தனியாக நிற்பதைக் கவனியுங்கள். ‘மற்றவரின் முகம் தெரியவில்லை’ என்ற வரி மடலைப் பலவீனமாக்காது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியவர் மற்றதைச் சொல்லும்போது நம்பத் தோன்றும். ‘குடிபோதையில் இருந்தார்கள்’, ‘வேண்டுமென்றே செய்தார்கள்’ போன்ற ஊகங்களை விட்டுவிடுங்கள். மகன் அழுததை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் நடந்தது முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, ஒரு வாக்கியத்தில்.

பிறகு கோரிக்கை. ‘கடும் நடவடிக்கை எடுங்கள்’ என்பதற்கு ‘எடுப்போம்’ என்று பதில் வந்துவிடும். ‘வாழ்நாள் தடை விதியுங்கள்’ என்றும் கேட்க வேண்டாம். உறுப்பினர் உரிமையைப் பறிப்பது கழகத்தின் கையில் இருக்கிறது, ஆனால் எல்லா மைதானங்களிலிருந்தும் விலக்கிவைக்கும் தடையாணை நீதிமன்றத்திடமிருந்துதான் வர முடியும். முதல் கோரிக்கை எப்போதும் பதிவைக் காப்பதாக இருக்கட்டும்: ‘4.20 முதல் 4.40 வரையிலான பிளாக் 12-இன் காட்சிப் பதிவை அழியாமல் எடுத்து வைத்து, வைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.’ பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தாமாகவே அழிக்கப்படுகின்றன என்பதால், அன்றிரவோ மறுநாளோ மடல் போயாக வேண்டும். அடுத்து, புகாருக்கு ஒரு குறிப்பு எண்ணும், பதில் தரும் தேதியும் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பைக் காரணம் காட்டி, யார் என்று கழகம் உங்களுக்குச் சொல்லாது. ஆகவே பெயரைக் கேட்காமல், ‘எவரேனும் அடையாளம் காணப்பட்டாரா, கழகம் எந்த வகை நடவடிக்கை எடுத்தது, காவல்துறைக்கு அனுப்பியதா’ என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பெயர் சொல்லாமலே பதில் தர முடியும்.

97 உயிர்களைப் பலிகொண்ட ஹில்ஸ்பரோ மைதான நெரிசல், 1958-இன் மியூனிக் விமான விபத்து ஆகிய துயரங்களைக் கேலி செய்யும் கோஷங்களுக்கும் இதே முறைதான். அவற்றைப் பொது ஒழுங்குக் குற்றமாக வழக்குத் தொடர முடியும் என்று அரசு வழக்குத் தொடர் துறை 2023-இல் தெளிவாக்கியிருக்கிறது. இங்கே சொற்களோடு சைகைகளையும் எழுத வேண்டும். கைகளை விரித்து விமானம்போல் ஆட்டியதை ‘மோசமான சைகை’ என்று எழுதினால் அதன் பொருள் போய்விடுகிறது.

ஒரே கோஷத்தை நான்கு பேர் கேட்டிருந்தால், ஒரே மடலில் நான்கு கையெழுத்து வேண்டாம். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்குமுன் அவரவர் மடலை அவரவர் எழுதுங்கள். சிறு வேறுபாடுகள் இருக்கட்டும். கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் ‘கிக் இட் அவுட்’ அமைப்புக்கும் அதே விவரங்களை அனுப்புங்கள். குற்றமென்று தோன்றினால் காவல்துறைக்கும் நேரடியாகத் தெரிவியுங்கள். கேட்ட தேதிக்குள் பதில் வராவிட்டால், குறிப்பு எண்ணைச் சுட்டி, அதே மூன்று கேள்விகளை மட்டும் மீண்டும் எழுதுங்கள். கழகத்தின் இறுதிப் பதில் எழுத்தில் கிடைத்த பிறகும் குறை தீரவில்லையென்றால், சுயேச்சைக் கால்பந்துக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே நீங்கள் வைக்க வேண்டியவை, உங்கள் முதல் மடலும் அதற்குக் கழகம் தந்த ஒவ்வொரு பதிலும்.

இப்படிக்கு,
உங்களோடு அதே ஸ்டாண்டில் அமரும் ஓர் உறுப்பினர்