வீட்டுக்கு அனுப்பும் முன்: வார்டு மருத்துவர்களுக்கும் செவிலியக் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஒரு வட்டாரத்துக்கு உட்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று நோய் ஆதரவு சிகிச்சை அளிக்கும் செவிலியர் நான். “இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று உங்கள் வார்டுகளிலிருந்து அனுப்பப்படும் நோயாளிகளை, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போய்ப் பார்ப்பவள். அனுப்புவது தவறென்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. என்னிடம் வாய்திறந்து கேட்ட நோயாளிகளில் பலர் வீட்டில்தான் கண்ணை மூட வேண்டும் என்றார்கள். வார்டு வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் மருந்து அறுந்துபோகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒருவரைச் சொல்கிறேன். வயது 64, தறித் தொழிலாளி, நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியவர். வார்டில் அவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை கொடுத்துவந்தார்கள். அதில் வலி அடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணி மாத்திரையோடு அது நின்றது. ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கையில் கொடுத்த சீட்டில் சத்து மாத்திரை இருந்தது, ரத்த அழுத்த மாத்திரை இருந்தது, மூக்குக் குழாய் வழியே 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி கஞ்சி விடச் சொல்லி எழுதியிருந்தது. மார்ஃபின் மட்டும் இல்லை. மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம்தான் என்பதால் மாலை ஆறு மணிக்கெல்லாம் வலி திரும்பத் தொடங்கியிருக்கும். நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு. அதற்குள் நான்கு வேளை தவறிப்போயிருந்தது.

இரவு முழுதும் முனகியிருக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் அதை வலி என்று நினைக்கவே இல்லை. ‘உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்றுதான் நினைத்தார்கள். இப்படி நினைப்பதை ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் பார்க்கிறேன். சாகும் தறுவாயில் இருப்பவர் முனகுவது இயல்பென்று எண்ணி, அதற்கு மருந்து உண்டு என்பதே தெரியாமல் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பேச முடியாதவருக்கு வலி இருக்கிறதா என்பதை நெற்றிச் சுளிப்பையும், புரட்டும்போது உடம்பு விறைப்பதையும், பல்லைக் கடிப்பதையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். இவருக்கு மூன்றும் இருந்தன.

கூடவே இன்னொன்றும் இருந்தது. அவருடைய வலது கை வேட்டி முடிச்சுக்குக் கீழே ஓயாமல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கை நழுவிய போதெல்லாம் மகள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது மறுபடியும் அங்கேயே போனது. அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தேன், தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல் கெட்டியாக மேடிட்டிருந்தது. சிறுநீர்க் குழாய் போட்டவுடன் 900 மில்லி வந்தது. கை தானாக அடங்கியது. கடைசி நாட்களில் நோயாளி அமைதியிழந்தால் முதலில் மூத்திரப் பையையும் மலச்சிக்கலையும் பாருங்கள், தூக்க மருந்தைப் பிறகு யோசிக்கலாம் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். மார்ஃபினே இவ்விரண்டையும் உண்டாக்கக்கூடியது என்பதால், வார்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தாலே அந்த இரவின் பாதி மிச்சமாகியிருக்கும்.

இனி மார்ஃபினை எப்படிக் கொடுப்பது? அவரால் விழுங்க முடியவில்லை. குழாயில் விட்ட கஞ்சி செரிக்காமல் தொண்டைக்கு ஏறிக்கொண்டிருந்ததால், மாத்திரையைக் கரைத்து விட்டாலும் அது குடலுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. எங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். தோலுக்கு அடியில் போடும்படி சொன்னார். வாய்வழி அளவில் பாதி போதும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு: ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் விழுங்கியவருக்கு ஊசியில் 30, அதாவது வேளைக்கு 5. மருத்துவரின் சீட்டை வாங்கிக்கொண்டு மகன் மோட்டார் சைக்கிளில் மாவட்ட மருத்துவமனைக்குப் போய் வந்தார். 15 மில்லிகிராம் கொண்ட 1 மில்லி ஆம்பியூல் ஒன்றை 2 மில்லி சலைனோடு கலந்தால் மூன்று மில்லி கிடைக்கும். ஒவ்வொரு மில்லியும் ஒரு வேளை. இரண்டு ஆம்பியூல்கள் ஒரு நாளைக்குச் சரியாக வரும். வயிற்றுத் தோலில் ஒரு பட்டர்ஃபிளை ஊசியைச் செருகி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டி, சிரிஞ்சுகளில் நேரம் எழுதி வைத்துவிட்டு, அந்த ஊசிக் குழாயின் மூடியைத் திறந்து மெதுவாகச் செலுத்துவது எப்படி என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். ஊசி இருக்கும் இடம் சிவந்தாலோ வீங்கினாலோ கூப்பிடச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் படித்தவர் அவர். ஒரு வேளைகூடத் தவறவில்லை. காலி ஆம்பியூல்களை எண்ணித் திருப்பி ஒப்படைத்தோம்.

இதெல்லாம் உங்கள் வார்டில் பத்து நிமிட வேலை. போதை மருந்துச் சட்டம் என்ற அச்சம் 1985 முதல் நம்மிடம் ஊறிப்போயிருப்பதை நான் அறிவேன். ஆனால் 2014-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்று பல உரிமங்களுக்கு அலையாமல் மார்ஃபினை வைத்திருக்கவும் நோயாளிக்கு வழங்கவும் வழி இருக்கிறது. உங்கள் மருந்தகத்தில் இருப்பு இருக்கிறது. வார்டில் கொடுத்துக்கொண்டும் இருந்தீர்கள். நோயாளி படியிறங்கும்போது அது ஏன் அவரோடு இறங்குவதில்லை என்பதே என் கேள்வி.

கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை மூச்சில் கரகரப்பு வந்துவிட்டது. தொண்டையில் சளி நின்று கொதிப்பது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு, தண்ணீரில் மூழ்குகிறாரோ என்று மகன் வெளியே ஓடினார். நினைவு மங்கியவருக்கு அது பெரும்பாலும் உறைப்பதில்லை, கேட்பவருக்குத்தான் தாங்க முடியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மில்லிகிராம் தோலடியில் போட்டேன். அந்த மருந்து புதிதாக ஊறுவதைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே தேங்கியதை வற்றவைக்காது. ஆகவே சத்தம் தொடங்கியவுடன் கொடுத்தால்தான் பயன். ஆழமாகச் சக்ஷன் போட்டால் அவருக்கு வேதனைதான் கூடும். குழாய்க் கஞ்சியை நிறுத்தச் சொன்னபோது அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்: “பட்டினி போட்டா அனுப்பச் சொல்றீங்க சிஸ்டர்?”

அந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். சாப்பிடாததால் அவர் சாகவில்லை, உடம்பு ஒடுங்கி வருவதால்தான் சாப்பாடு வேண்டாமென்கிறது என்றும், உள்ளே போவதை ஏற்க முடியாமல் அது நெஞ்சுக்கே ஏறுகிறது என்றும் சொன்னேன். ‘செய்யாதீர்கள்’ என்று சொல்லி ஒருவரின் கையைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்பதை இத்தனை ஆண்டுகளில் கற்றிருக்கிறேன். ஈரத் துணியை விரலில் சுற்றி 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வாயைத் துடைப்பதும், உதட்டில் வாசலின் தடவுவதும் அவர் வேலையாயின. உறவினர்கள் பால் ஊற்ற வந்தபோது அதை நான் தடுக்கவில்லை. கரண்டியால் ஊற்றினால் புரையேறும் என்று சொல்லி, பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, உதட்டில் ஒற்றச் சொன்னேன். பதினோரு பேர் வரிசையாக வந்து ஒற்றிவிட்டுப் போனார்கள். மருத்துவமனையாக இருந்திருந்தால் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றிருப்போம்.

மார்ஃபின் தொடங்கும் வீடுகளில் முன்கூட்டியே நான் சொல்லிவிடும் ஒன்றை நீங்களும் சொல்லிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறோமென்றால், எப்போது உயிர் பிரிந்தாலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போடப்பட்டிருக்கும். அதைப் போட்டது யாருடைய கையோ, அந்தக் கை வாழ்நாள் முழுதும் தன்னைச் சந்தேகிக்கக்கூடும். அவர் திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு இறந்தார். இரண்டு மணி ஊசியை மகள் போட்டிருந்தார். முழங்காலில் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்ததும், மூச்சு இருபது நொடி நின்று நின்று வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்கிவிட்டன. அவற்றை அப்போதே அவளுக்குக் காட்டி, இது நோயின் போக்கு, ஊசியின் அளவு முதல் நாளிலிருந்து மாறவே இல்லை என்று நோட்டில் எழுதியும் கொடுத்திருந்தேன். ஆனாலும் குளிப்பாட்டும்போது அவள் கேட்டாள்: “நான் போட்டதாலயா?” நோட்டைத்தான் எடுத்துக் காட்டினேன்.

மகனுக்கு வேறொரு காகிதம். உங்களைப் போன்ற ஒரு மருத்துவமனையில்தான் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னவர்கள் மருத்துவர்கள். ஆனால் காகிதத்தில் இருந்ததோ, மருத்துவ ஆலோசனைக்கு எதிராக உறவினர் அழைத்துச் செல்கிறார் என்று. அவசரத்தில் படிக்காமல் போட்ட கையெழுத்து. காரியம் முடிந்து காகிதங்களை அடுக்கும்போது படித்திருக்கிறார். தான்தான் அப்பாவைச் சிகிச்சையிலிருந்து பிடுங்கி வந்தவன் என்று ஆகிவிட்டதே என்று உடைந்துபோனார். அந்தப் படிவம் உங்களைக் காப்பதற்காக இருக்கலாம். ‘வீட்டில் நோய் ஆதரவு சிகிச்சை பெறுவதற்காக அனுப்பப்படுகிறார்’ என்று எழுதினாலும் அது உங்களைக் காக்கும், உண்மையாகவும் இருக்கும்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நாள் மார்ஃபினும், விழுங்க முடியாதவருக்குத் தோலடி ஊசியும், அளவும் நேரமும் தமிழில் எழுதிய ஒரு தாளும் நோயாளியோடு வரட்டும். தேவையற்ற மாத்திரைகளைச் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். அந்த வட்டாரச் செவிலியரை ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே அழைத்துச் சொல்லுங்கள்; கூடுமானவரை வெள்ளிக்கிழமை மாலைகளில் அனுப்பாதீர்கள்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா இளைத்திருந்தார். இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் விழிப்புத் தட்டிவிடுவதாகச் சொன்னார். ஊசி நேரத்துக்காக மகள் அவருடைய தொலைபேசியில் வைத்துக்கொடுத்த அலாரம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அடுத்த மாதமும் போனேன். அன்று அவரே தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

இப்படிக்கு,
ஒரு வட்டார நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர்