மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ இத படிச்சிடு

கார்த்தி கண்ணா,

நேத்து ராத்திரி போன்ல நீ சொன்னதுல இருந்து எனக்கு தூக்கமே வரல. வேலைய விடறது பத்தி இல்லடா, அது உன் இஷ்டம், புது கம்பெனி ஆஃபர் லெட்டர் கைல வந்தாச்சு, மார்ச் 9 திங்கக்கிழமை ஜாயினிங்னு தேதியும் போட்டிருக்கான், அதுல எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா "லெட்டர் டைப் பண்ணி வச்சிட்டேன்மா, செவ்வாக்கிழமை காலைல பட்டன அமுக்கிட்டு அப்புறமா மேனேஜர்ட்ட பேசிக்கறேன்"னு சாதாரணமா சொன்ன பாரு, அதுதான். இருபத்தேழு வருஷம் பம்பாய்ல பல்லார்ட் பியர் ஆபீஸ்ல பர்சனல் டிபார்ட்மென்ட்ல உக்காந்து ராஜினாமா லெட்டரா வாங்கி வாங்கி ஃபைல் பண்ணவ நான், நீ இப்படி பண்ணினா என்ன ஆகும்னு எனக்கு தெரியும். போன்ல சொன்னா நீ "சரிம்மா சரிம்மா"ன்னுட்டு வச்சிடுவ, அதான் டைப் பண்றேன். அப்பா குக்கர் மூணு விசில் வந்தாச்சுன்னு கத்தறார், அவரே அணைக்கட்டும்.

மொதல்ல அந்த பட்டன் விஷயம். உங்க போர்ட்டல்ல ரிசைன்னு அமுக்கினதும் அது எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் தானா மெயில் அனுப்பிடும்னு நீயேதான் சொன்ன. அப்படின்னா உன் மேனேஜர் காலைல டீ குடிச்சிட்டே போன பாக்கும்போது, மிஷின் அனுப்பின ஒரு மெயில்ல, தன்கிட்ட மூணு வருஷமா வேலை பாத்த பையன் போறான்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கப்புறம் நீ சாயங்காலம் நாலு மணிக்கு போய் என்ன இனிமையா பேசினாலும் அவருக்கு அது பேச்சா படாது, விளக்கமாதான் படும். எங்க ஆபீஸ்ல ஒரு பையன் லெட்டர கவர்ல போட்டு ப்யூன்கிட்ட குடுத்துட்டு லஞ்சுக்கு போயிட்டான், அவன் ஆபீசர் என் டேபிளுக்கு வந்து "இவன் போறான்னு எனக்கு முன்னாடி உனக்கு எப்படி தெரியும்"னு என்னைத்தான் கேட்டார். அந்தப் பையனுக்கு ஒரு நாள் கூட முன்னாடி ரிலீவ் கிடைக்கல, ரூல் புக்ல இருக்கற கடைசி நாள் வரைக்கும் உக்கார வச்சார். கேட்டா ரூல்தான்னு சொல்லுவார், அதுல தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால நேர்ல பேச்சு மொதல்ல. ஆனா நேர்ல பேசினா மட்டும் போதும்னு நினைச்சு நான் ஒரு தடவ நல்லா மாட்டியிருக்கேன், இத உங்கிட்ட சொன்னதே இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஃபோர்ட்ல ஒரு சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தேன், ஒரு மாச நோட்டீஸ். அடுத்த வேலை கிடைச்சதும் மொதலாளி ரூமுக்கு போய் மரியாதையா சொன்னேன். அவரும் ரொம்ப நல்லவிதமா, "லெட்டர்லாம் இப்ப வேண்டாம்மா, வேற ஆள் பாத்துக்கறேன், அப்புறம் குடு"ன்னார். நானும் நம்பிட்டு, செம்பூர்லேர்ந்து ஹார்பர் லைன் வண்டில தினம் போயிட்டு வந்துட்டு, மூணு வாரம் கழிச்சு லெட்டர குடுத்தா, "இன்னிலேர்ந்து ஒரு மாசம்"ங்கறார். நான் சொன்னேனே சார்னு கேட்டேன். "எங்க எழுதியிருக்கு?"ன்னார். அவ்ளோதான். புது ஆபீஸ்ல கெஞ்சி கூத்தாடி ஜாயினிங்க தள்ளி வாங்கினேன், அவா நல்லவா, இல்லேன்னா ரெண்டும் போயிருக்கும்.

உன் கணக்குக்கு வா. உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல அறுபது நாள்னுதானே போட்டிருக்கு, ரெண்டு மாசம்னு இல்லையே, ஒரு தடவ திறந்து பாத்துடு, ரெண்டுக்கும் ஒண்ணு ரெண்டு நாள் வித்தியாசம் வரும். ஜனவரி 6 செவ்வாக்கிழமை எழுத்துல குடுத்தன்னு வை, அன்னிக்கே மொத நாள்னு எண்ணினா ஜனவரில இருபத்தாறு நாள், பிப்ரவரில இருபத்தெட்டு, ஆக அம்பத்துநாலு, மார்ச் 6 வெள்ளிக்கிழமையோட அறுபது முடியுது. குடுத்த நாள விட்டுட்டு மறுநாள்லேர்ந்து எண்ணுவோம்னு எச்.ஆர் சொன்னா மார்ச் 7, சனிக்கிழமை. ரெண்டுமே உனக்கு சரிதான், ஆனா மூச்சு விட இடமில்ல. மேனேஜர் "ஒரு வாரம் பொறு, மேல பேசிட்டு சொல்றேன், அதுவரைக்கும் மெயில் போடாத"ன்னு சொல்லி நீ 13ம் தேதி போட்டேன்னா, கடைசி நாள் மார்ச் 13 ஆயிடும், 9ம் தேதி ஜாயினிங் கோவிந்தா. அவர் கெட்ட எண்ணத்துல சொல்றார்னு இல்லடா, சம்பளத்த ஏத்தி உன்ன நிறுத்த பாப்பார், இல்ல அப்ரைசல் முடியட்டும்னு நினைப்பார். ஆனா நாள் உன் கணக்குலதான் போகும். அப்படி சொன்னார்னா, "கண்டிப்பா பேசுங்க சார், நானும் கேக்கறேன், ஆனா நோட்டீஸ் தேதி இன்னிக்கே ஓடணும், அதனால சாயங்காலம் மெயில் போட்டுடறேன்"னு சிரிச்சிட்டே சொல்லிடு. பேச்சும் எழுத்தும் ஒரே நாள், காலைல இது, சாயங்காலம் அது, அதுக்கு மேல இடைவெளி விடாத. நோட்டீஸ் நாளுக்கு பணம் கட்டிட்டு முன்னாடி கிளம்பிக்கலாம்னு நீ நினைக்கலாம், ஆனா ஆர்டர்ல அந்த வரிய நல்லா படி, நான் பாத்த ஆர்டர்ல பாதிக்கு மேல "கம்பெனி சம்மதித்தால்"னு ஒரு வால் இருக்கும்.

பேசும்போது "போலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்"னு ஆரம்பிக்காத, அது பேரம் பேச கூப்பிடற மாதிரி. "நான் ரிசைன் பண்றேன் சார், உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு வந்தேன்"னு நேரா சொல்லு. மத்தவா காதுல விழற மாதிரி அவர் டெஸ்க் பக்கத்துல நின்னு சொல்லாத, ஒரு பதினஞ்சு நிமிஷம் ரூம் புக் பண்ணு. அவர் அன்னிக்கு வீட்லேர்ந்து வேலை பாத்தா வீடியோ கால் போதும், அதுவும் நேர்ல பேசினதுதான். சாட்ல டைப் பண்ணாத. எந்த கம்பெனின்னு கேட்டா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, "ஜாயின் பண்ணினப்புறம் சொல்றேன் சார்"னா அவருக்கு புரியும்.

இப்ப லெட்டருக்கு வரேன். நீ டைப் பண்ணி வச்சிருக்கறத வாட்ஸ்அப்ல அனுப்பினியே, அது நேர்ல பேசாதவன் எழுதற லெட்டர். மொத பாரா பூரா ஏன் போறேன்னு காரணம், ரெண்டாவது பாரா அந்த ஷிஃப்ட் மாத்தின கதை, கடைசி நாள் எதுன்னே இல்ல. காரணத்த வாயால சொல்லியாச்சுன்னா எழுத்துல எதுக்கு? ஷிஃப்ட் கதை உன் ஃபைல்ல நீ போனப்புறமும் இருக்கும், நாளைக்கு யாரோ ரெஃபரன்ஸுக்கு போன் பண்ணும்போது உன்ன தெரியாத ஒரு எச்.ஆர் பொண்ணு அத பிரிச்சு படிப்பா. ரெண்டு பாராவையும் தூக்கு. பேச்சுல வராதது, இல்ல பேச்சுல வந்து காத்தோட போயிடக்கூடியது, அதுதான் லெட்டர்ல ஏறணும்.

நானா இருந்தா எப்படி எழுதுவேன்னா (நீ இங்கிலீஷ்ல போட்டுக்கோ): "இன்று காலை உங்களிடம் நேரில் தெரிவித்தபடி, என் பணியை ராஜினாமா செய்கிறேன். நியமன ஆணைப்படி அறுபது நாள் நோட்டீஸ் இன்று ஜனவரி 6 முதல் தொடங்குகிறது, என் கடைசி வேலை நாள் மார்ச் 6." அந்த "நேரில் தெரிவித்தபடி" சின்ன வார்த்தைதான், ஆனா நீ அவர் முதுகுக்கு பின்னாடி பண்ணலங்கறது எச்.ஆருக்கும் அவருக்கு மேல இருக்கறவருக்கும் அதுலயே தெரிஞ்சிடும். "அறுபது நாள் கழித்து"ன்னு மொட்டையா விடாத, தேதிய போடு, அப்பதான் அவா கணக்கு வேறயா இருந்தா அன்னிக்கே சொல்லுவா. மார்ச் மொத வாரத்துல வந்து சொன்னா நீ என்ன பண்ணுவ?

அடுத்து உன் பொங்கல் லீவு. 15 உங்களுக்கு சங்கராந்தி லீவ், 14ம் 16ம் நீ போட்டு அப்ரூவ் ஆயிருக்கு, டிக்கெட்டும் எடுத்தாச்சு. நோட்டீஸ் பீரியட்ல எடுக்கற லீவுக்கு கடைசி நாள அத்தன நாள் தள்ளற கம்பெனி நிறைய உண்டு, உனக்கு ரெண்டு நாள் தள்ளினா 9ம் தேதி மறுபடியும் இடிக்கும். பேசும்போதே மேனேஜர்ட்ட கேட்டுடு, "போயிட்டு வா, அத பாத்துக்கலாம்"னு சொல்லுவார், எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. அத அப்படியே விடாத. "14, 16 தேதிகளுக்கு முன்பே அனுமதிக்கப்பட்ட விடுப்பு கடைசி வேலை நாளை மாற்றாது என்று பேசினோம், உறுதி செய்யவும்"னு ஒரு வரி லெட்டர்ல ஏத்து. அவர் மாத்தி பேசுவார்னு நான் சொல்லல, பிப்ரவரில அவரே வேற டீமுக்கு போயிட்டா யார கேப்ப?

ஹேண்டோவருக்கு ஒரு வரி போதும், யார்கிட்ட எத குடுக்கணும்னு அவர் பேச்சுல சொன்ன பேர போட்டுடு. நன்றியும் ஒரு வரி. கடைசில "இந்த ராஜினாமாவையும் கடைசி வேலை நாளையும் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் தரவும்"னு கேளு. எங்க காலத்துல லெட்டரோட காப்பில இன்வர்ட் கிளார்க் தேதியோட ஒரு ஊதா கலர் சீல் குத்தி குடுப்பார், அந்த காப்பிய பீரோல வச்சிருப்போம், என் சீல் குத்தின காப்பி இன்னும் இருக்கு, கொஞ்சம் மங்கிப்போச்சு. உனக்கு அந்த பதில் மெயில்தான் சீல். போர்ட்டல்ல வெறும் பட்டனும் காரணத்துக்கு ஒரு லிஸ்ட்டும்தான்னா, பட்டன அமுக்கின அதே சாயங்காலம் இந்த லெட்டர மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மெயிலா போடு, உன் சொந்த ஐடிய சிசில வை. கடைசி நாள் சாயங்காலமே ஆபீஸ் மெயில மூடிடுவா, அப்புறம் ரிலீவிங் லெட்டர் வரல, பிஎஃப்ல எக்ஸிட் தேதி தப்புன்னு கேக்கணும்னா கைல ஒண்ணும் இருக்காது. புது கம்பெனிக்காரன் ரிலீவிங் லெட்டர்ல இருக்கற தேதிய பாத்துதான் உன்ன உள்ள விடுவான்.

ரெண்டு நாள்ல பதில் வரலேன்னா சண்டைக்கு போகாத, அதே மெயில் மேலயே "கடைசி நாள் மார்ச் 6 சரிதானே"ன்னு ஒரு வரி போடு.

திருத்தின லெட்டர நாளைக்கு ராத்திரிக்குள்ள எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். மாமா புதங்கிழமை உத்யான் எக்ஸ்பிரஸ்ல பெங்களூர் வரார், அவர்ட்ட தேன்குழலும் அந்த மாதுங்கா கடை காபி பொடியும் குடுத்து விடறேன், ஸ்டேஷனுக்கு போய் வாங்கிக்கோ, அவருக்கு முழங்கால் வலி, உன் ரூம் மூணாவது மாடி ஏற மாட்டார்.

அம்மா